பதினோரு பேர் சொன்னதில் எந்த இரண்டை எடுப்பது?

கேள்வி: வணக்கம். ஆறு பேர் கொண்ட டீமுக்கு நான் லீட். முதல் முறையாக எனக்கு 360 டிகிரி ஃபீட்பேக் ரிப்போர்ட் வந்திருக்கிறது. மேனேஜர், சக லீடுகள் நான்கு பேர், என் ஜூனியர்கள் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். முடிவெடுக்கத் தாமதிக்கிறேன் என்கிறார் மேனேஜர். தங்களைக் கேட்காமலே முடிவெடுக்கிறேன் என்கிறார்கள் ஜூனியர்கள். 'எங்கள் வேலையைத் தன் பெயரில் மேலே கொண்டுபோகிறார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. யார் எழுதியது என்றும் தெரியும். மாற்றிக்கொள்ளப்போகும் இரண்டு விஷயங்களை மாதக் கடைசிக்குள் எழுதித் தரவேண்டும். யார் சொல்வதை நம்புவது, எதை எடுப்பது? ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊகம் தவறிப்போவதை நிறைய பார்த்திருக்கிறேன். எழுதும்போது பலர் தங்கள் வழக்கமான நடையை வேண்டுமென்றே மாற்றிக்கொள்வார்கள். யாரோ ஒருவர் மதிய உணவு இடைவேளையில் சொன்னதை இன்னொருவர் எழுதியிருப்பார். ஊகம் சரியாகவே இருந்தாலும் அதனால் உங்களுக்கு ஒரு பயனும் கிடையாது. நீங்கள் அந்த ஒருவரிடம் கொஞ்சம் விறைப்பாகப் பேசினால் ஒரே வாரத்தில் டீம் முழுவதும் கணக்குப் போட்டுவிடும். அடுத்த ஆண்டு ஆறு பேரும் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு 4 போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு குழுவில் குறைந்தது மூன்று பேராவது பதில் தந்தால்தான் அந்தக் குழுவின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டுவது என்ற வழக்கம் வந்ததே இதற்காகத்தான். மேனேஜர் ஒருவர்தான் என்பதால் அவருடைய பதிலுக்கு மட்டும் இந்த மறைப்பு இல்லை. அவரிடம் நேராகவே விளக்கம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மற்ற பத்துப் பேரிடம் கேட்கக் கூடாது.

சரி, அந்த வரியைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிடுவோம். பிறகு அதற்கு வருகிறேன். ரிப்போர்ட்டின் மற்ற வரிகளோடு சேர்த்துப் படித்தால் அது வேறு மாதிரி தெரியும்.

முதலில் எண்கள். நீங்கள் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். 'ஒத்துழைப்பு' என்ற தலைப்பில் ஜூனியர்கள் 3.8, சக லீடுகள் 3.3. 'லீடுகளுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். லீடுகள் நான்கே பேர். அதில் ஒருவர் 3 போட்ட இடத்தில் 5 போட்டிருந்தால் அந்தச் சராசரி 3.8 ஆகியிருக்கும். ஒரே ஒருவருடைய பேனா முனையில் மறையக்கூடிய வித்தியாசம் அது. நான்கைந்து பேர் கொண்ட குழுவில் அரைப் புள்ளி வித்தியாசத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம். போதாததற்கு, மதிப்பெண் போடுகிறவரின் கையே ஒரு பெரிய காரணி. சிலர் 5 போடவே மாட்டார்கள், சிலருக்கு 4-க்குக் கீழே இறங்க மனம் வராது. மேனேஜர்களுக்குப் பலர் தந்த மதிப்பெண்களை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. மதிப்பிடப்பட்டவரின் திறமைக்கு அதில் அதைவிடக் குறைந்த பங்குதான். அதனால் தசமப் புள்ளியை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வட்டம், ரிப்போர்ட்டிலேயே மிகக் குறைந்த எண். 'நீண்டகாலப் பார்வை', ஜூனியர்கள் 2.5. இரண்டில் ஒன்றாக இதைத்தான் எடுக்க நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. எடுக்காதீர்கள். ஆறு பேரில் மூன்று பேர் 3, மூன்று பேர் 2. இந்தத் தலைப்பின் கீழ் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. உங்கள் ஜூனியர்கள் திட்டமிடல் கூட்டங்களில் உட்காருவதில்லை. நீங்கள் எவ்வளவு தூரம் யோசிக்கிறீர்கள் என்று பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. தெரியாததைக் கேட்டால் மக்கள் நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். எண் குறைவாக இருந்து கமென்ட்டும் இல்லையென்றால், அந்தக் கேள்வி அவர்கள் கண்ணுக்கு எட்டாதது என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். இதை மாற்றப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் உழைத்தாலும் மாறியதா இல்லையா என்று சொல்ல ஆள் இருக்காது.

நீங்கள் வட்டம் போடாத ஒரு இடம் எனக்குப் பட்டது. 'பொறுப்பைப் பகிர்தல்': உங்கள் சுய மதிப்பீடு 4, மேனேஜர் 4, லீடுகள் 3.5, ஜூனியர்கள் 2.7. சராசரியை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பரவலைப் பாருங்கள். இரண்டு பேர் 4, நான்கு பேர் 2. ஒருவர்கூட 3 போடவில்லை. அதாவது 2.7 என்று உங்களைப் பார்த்தவர் யாருமே கிடையாது. இரண்டு பேர் ஒரு லீடைப் பார்க்கிறார்கள், நான்கு பேர் வேறொரு லீடைப் பார்க்கிறார்கள். எண் இப்படி இரண்டாகப் பிரிந்து நின்றால், உங்கள் நடத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, ஏதோ ஒரு சூழ்நிலையில் மாறுகிறது என்று பொருள். அந்தச் சூழ்நிலை எது என்று எண் சொல்லாது. அதற்குக் கமென்ட்களிடம்தான் போகவேண்டும்.

கமென்ட்களை ரிப்போர்ட் அச்சடித்திருக்கும் வரிசையில் படித்தால் ஒன்றும் பிடிபடாது. அது குழு வாரியாகவும் தலைப்பு வாரியாகவும் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் செய்யும் ஒரு காரியம் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தலைப்பாகவும், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னொன்றாகவும், கீழே இருப்பவருக்கு மூன்றாவதாகவும் தெரியும். மூவரும் மூன்று வெவ்வேறு பெட்டிகளில் எழுதுவார்கள். அதனால் நான் செய்வது இதுதான்: எல்லாக் கமென்ட்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக்கொண்டு, தலைப்பையும் குழுவையும் அழித்துவிட்டு, 'இது எந்த நேரத்தில் நடக்கிறது?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு அடுக்குவேன். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி அடுக்கியபோது ஐந்து சீட்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்தன.

'நான் அனுப்பும் டிராஃப்ட் திரும்பி வரும்போது அது என்னுடையதாக இருக்காது.' இது ஜூனியர், பொறுப்பைப் பகிர்தல் என்ற தலைப்பில்.

'அவர் லீவில் இருந்தால் அந்த டீமிலிருந்து எதுவும் வராது.' இது சக லீட், ஒத்துழைப்பில்.

'சின்ன விஷயத்துக்கும் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்.' இது மேனேஜர், முடிவெடுத்தலில்.

'தரத்தில் சமரசமே செய்யாதவர், எல்லாவற்றையும் ஒரு முறை தானே பார்த்துவிடுவார்.' இதுவும் சக லீட்தான், ஆனால் பலங்கள் பகுதியில். பாராட்டு வரிகளைப் படித்து மகிழ்ந்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுகிறோம். குறை சொன்னவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதற்கான துப்பு பல நேரம் அங்கேதான் கிடக்கும்.

ஐந்தாவது சீட்டு, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த வரி. மற்ற நான்கோடு சேர்த்து இப்போது படியுங்கள். ஜூனியர் ஒரு டிராஃப்ட் எழுதுகிறார். நீங்கள் ஃபைலைத் திறந்து நேராகத் திருத்துகிறீர்கள். நேரம் குறைவு, தரம் முக்கியம், விளக்கிக்கொண்டிருப்பதைவிட நாமே செய்வது சுலபம். திருத்தி முடித்ததும் ஃபைல் உங்கள் கணினியில் இருக்கிறது. அங்கிருந்தே மேலே அனுப்புகிறீர்கள். அனுப்பியவர் பெயர் உங்களுடையது. பாராட்டு மெயில் உங்களுக்கு வருகிறது. நீங்கள் எதையும் திருடவில்லை. ஆனால் கீழே இருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அவர் எழுதியபடியேதான் தெரியும். அவர் உங்கள் குணத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரு ஃபைல் போகும் வழியைச் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டால் மாற்றக்கூடிய விஷயம் ஒன்று கையில் கிடைக்கிறது.

இது என் ஊகம்தான். திட்டத்தில் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் சரிபார்க்க வேண்டும், அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கடைசியாக உங்கள் கை பட்ட பத்து ஆவணங்களை எடுத்து, ஜூனியர் அனுப்பிய வடிவத்தையும் நீங்கள் வெளியே அனுப்பிய வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்தின் எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தவறு, தகவல் விடுபட்டது, என் நடை. முதல் இரண்டும் அதிகமாக இருந்தால் நான் சொன்னது பொருந்தாது. ஜூனியர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். அது வேறு கதை. 'என் நடை' அதிகமாக இருந்தால் விஷயம் உறுதி. யாருடைய ஆவணங்களில் அதிகம் கை வைத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வாடிக்கையாளருக்குப் போகிறவற்றில் திருத்தம் குவிந்து, உள்ளுக்குள் சுற்றுகிறவற்றில் அப்படியே விட்டிருந்தால், அந்த 4-க்கும் 2-க்கும் காரணம் கிடைத்துவிடும்.

அடுத்தது, மேனேஜரும் ஜூனியர்களும் நேரெதிராகப் பேசுவது. யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேரையும்தான். அவர்கள் பேசுவது ஒரே முடிவைப் பற்றி இல்லை. முடிவெடுப்பது பற்றி ஜூனியர்கள் எழுதிய நான்கு கமென்ட்களில் மூன்று, வேலையை முடித்துத் தரும் தேதியைப் பற்றியவை. 'மீட்டிங்கில் தேதி ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறார், எங்களுக்கு அப்புறம்தான் தெரிகிறது' என்பது அதில் தெளிவானது. மேனேஜர் சொல்வது, இரண்டு வழிகளில் எது என்று கேட்டால் நீங்கள் நாள் கடத்துகிறீர்கள் என்று. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஆள் தெரிகிறார்: ஒரு அறை முழுக்க ஆள் இருக்கும்போது மறுக்க முடியாமல் உடனே சரி என்று சொல்லிவிடுவார்; தனியாகக் கேட்டால் தவறாகிவிடுமோ என்று இழுப்பார். ஒரே மனிதர்தான். இந்த மாதிரி முரண் வந்தால், யார் பொய் சொல்கிறார் என்று தேடாமல் எந்தெந்த முடிவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

இனி தேர்வு. நான் பார்ப்பது மூன்று. குறைந்தது இரண்டு திசையிலிருந்து அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் செய்து பார்க்கும் சந்தர்ப்பம் வர வேண்டும். நீங்கள் மாறினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். 'இன்னும் பொறுமையாக இருப்பேன்' என்பது மூன்றாவதில் தோற்றுவிடும், ஏனென்றால் பொறுமையாக இருக்கிறீர்களா, வாய் திறக்காமல் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கிறீர்களா என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்.

ஒன்று: ஜூனியரின் டிராஃப்டை நான் நேராகத் திருத்தமாட்டேன். ஓரத்தில் கமென்ட் மட்டும் போடுவேன், அவரே திருத்தி, அவர் பெயரிலேயே அனுப்புவார், நான் நகலில் இருப்பேன். அன்றைக்கே வெளியே போகவேண்டிய ஒன்றில் உண்மையான தவறு இருந்தால் மட்டும் கை வைப்பேன், என்ன மாற்றினேன் என்று அன்றே அவரிடம் சொல்வேன்.

இரண்டு: மீட்டிங்கில் தேதி கேட்டால் அங்கேயே தேதி சொல்லமாட்டேன், எப்போது சொல்வேன் என்பதைச் சொல்வேன். 'நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்.' இடையில் அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடம் கேட்பேன். மேனேஜர் இரண்டில் எது என்று கேட்கும்போதும் இதே விதி: 'பார்த்துச் சொல்கிறேன்' என்பதோடு ஒரு நாளும் நேரமும் சேர்ந்தே வரும்.

இரண்டாவதில் மேனேஜருக்கும் ஜூனியர்களுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் இருக்கிறது பாருங்கள். அதனால்தான் இதை எடுத்தேன். முதலாவதில் ஐந்து சீட்டுகளுக்கும் பதில் இருக்கிறது.

முதலாவது எங்கே கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். கமென்ட் மட்டும் போடுவேன் என்று ஆரம்பிப்பீர்கள். மூன்றாவது வாரம் கமென்ட் பெட்டிக்குள் முழு வாக்கியத்தையே எழுதி, 'இப்படி மாற்றவும்' என்று போடுவீர்கள். ஜூனியர் அதை நகலெடுத்து ஒட்டுவார். ஃபைலில் அவர் பெயர் இருக்கும், எழுத்து உங்களுடையதாகவே இருக்கும். உங்கள் கமென்ட்கள் கேள்விகளாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'இந்தத் தொகை எங்கிருந்து வந்தது?', 'இதைப் படிப்பவருக்கு முதலில் என்ன தெரியவேண்டும்?' என்ற வகை. 'என் நடை' என்று குறித்தீர்களே, அந்த வகைத் திருத்தங்களுக்குக் கமென்ட்டே வேண்டாம், விட்டுவிடுங்கள். வேலை முதல் ஒரு மாதம் மெதுவாகத்தான் நகரும். இதை மேனேஜரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் முதல் தாமதத்திலேயே அவர் கேட்பார், நீங்கள் பழையபடி ஃபைலைத் திறந்துவிடுவீர்கள்.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, டீமிடம் சொல்லவும் வேண்டும். ஜூனியர்கள் மேலாளர்களுக்குத் தந்த ஃபீட்பேக்கை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான ஒரு ஆய்வில், வந்ததைப் பற்றித் தங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய மேலாளர்கள் பேசாதவர்களைவிட அதிகமாக முன்னேறியிருந்தார்கள். அதே மேலாளர்கூட, பேசிய ஆண்டில் பேசாத ஆண்டைவிட நன்றாகச் செய்திருந்தார். பத்து நிமிடம் போதும். நன்றி சொல்லுங்கள், இரண்டையும் படித்துக் காட்டுங்கள், நான் பழைய வழக்கத்துக்குப் போனால் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கத் தொடங்காதீர்கள். விளக்கம் என்ன நல்ல எண்ணத்தோடு வந்தாலும் எதிரில் இருப்பவர் காதில் மறுப்பாகத்தான் விழும். 'யாரோ ஒருவர் எழுதியிருந்தார்' என்று அந்த வரியை மேற்கோள் காட்டவும் வேண்டாம். எழுதியவர் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரிடமாவது தனியாக ஒரே கேள்வி: 'அடுத்த மாதம் இதில் நான் என்ன வேறு மாதிரி செய்யலாம்?' எப்படிச் செய்கிறேன் என்று கேட்டால் முகத்துக்கு நேரே நன்றாக இருக்கிறது என்பார்கள். அடுத்ததைப் பற்றிக் கேட்டால் ஏதாவது ஒரு உருப்படியான பதில் வரும். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்து ஆவணக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். 'என் நடை' குறிகள் பாதியாகக் குறையவில்லை என்றால் விதியை இன்னும் இறுக்க வேண்டும். உதாரணமாக, உள்ளுக்குள் சுற்றும் ஆவணங்கள் உங்களிடம் வரவே தேவையில்லை என்று அறிவித்துவிடலாம்.

மீதி இருப்பவற்றை என்ன செய்வது? 'சத்தமாகப் பேசுகிறார்' என்று ஒரே ஒருவர் எழுதியிருக்கிறார். வேறு யாரும் அதைத் தொடவில்லை. ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த ரிப்போர்ட்டிலும் வருகிறதா என்று பாருங்கள். நீண்டகாலப் பார்வையில் மேனேஜர் உங்களுக்கு 3 போட்டிருக்கிறார். இதைக் கவனிக்க இடமிருப்பவர் அவர்தான், ஆகவே அவரிடம் மட்டும் கேளுங்கள்: 'கடந்த ஆறு மாதத்தில் எந்த இடத்தில் இது குறைவாகத் தெரிந்தது?' ஒரு குறிப்பிட்ட கூட்டத்தையோ ஆவணத்தையோ சொன்னார் என்றால் அடுத்த சுற்றில் அதை எடுக்கலாம். பொதுவாக ஏதோ சொன்னார் என்றால் அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த ரிப்போர்ட் உங்கள் வளர்ச்சிக்கு மட்டுமா, சம்பள உயர்வையும் தொடுமா? தொடும் என்றால் ஜூனியர்களின் எண்கள் ஏற்கெனவே கொஞ்சம் கூட்டிப் போடப்பட்டவையாக இருக்கலாம். அப்போது அந்த நான்கு 2-களுக்கு இன்னும் கனம் அதிகம். மேனேஜரிடம் தரும் தாளில் இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். ஐந்து சீட்டுகளும் பத்து ஆவணக் கணக்கும் உங்களிடமே இருக்கட்டும்.